ஒத்திக்கு வந்த கார்

எண்பதுகளின் நடுவில், போடியில் எங்கள் வீட்டு மாடிக்கு ஒரு தட்டச்சுப் பயிற்சி நிலையம் குடிவந்தது. பதினொரு இயந்திரங்கள். காலை ஆறு மணிக்கு முதல் வகுப்பு. பால்காரர் மணியடிப்பதற்கு முன்னாலேயே பதினொரு பிள்ளைகள் ஒரே எழுத்தை ஒரே நேரத்தில் அடிக்கத் தொடங்குவார்கள். வரி முடியும்போது ஒவ்வொரு இயந்திரமும் 'டிங்' என்று ஒரு மணி அடிக்கும். நல்ல மாணவர்களுக்கு அந்த மணி சீராக விழும். எங்கள் மாடியில் நல்ல மாணவர்கள் யாரும் இல்லை.

அம்மாவுக்கு அது முதல் நாளே பிடிக்கவில்லை. இரண்டாவது வாரத்தில் அவள் தோசை ஊற்றும் வேகம் மாறியது. மூன்றாவது வாரத்தில், சட்னிக்குத் தாளிக்கும்போது 'டிங்' கேட்டால்தான் அடுப்பை அணைத்தாள். அவளே அதைக் கவனித்துவிட்டு, கரண்டியைக் கீழே வைத்து, "ஏங்க, எனக்குப் புத்தி பேதலிச்சிரும்" என்றாள்.

அப்பா, "மூணே வருசம். கெடு முடிஞ்ச அன்னிக்கு அவன் பணத்தை அவன்கிட்டக் குடுத்து அனுப்பிருவோம்" என்றார்.

அந்தப் பணம் ஒன்பதாயிரம் ரூபாய். எங்கள் பக்கத்தில் வீட்டை ஒத்திக்கு விடுவது சாதாரணம். வருகிறவர் மொத்தமாக ஒரு தொகை தருவார். அதற்கு வட்டி கிடையாது, வீட்டுக்கு வாடகை கிடையாது. கெடு முடிந்ததும் அவர் வீட்டை விடுவார், வீட்டுக்காரர் அதே தொகையை முழுசாகத் திருப்பித் தருவார். தொகை குறைவாக இருந்தால் மாதம் கொஞ்சம் வாடகையும் பேசிக்கொள்வார்கள். தொகை ஏற ஏற வாடகை இறங்கும். திருப்பித் தர முடியாவிட்டால் குடியிருப்பவர் அப்படியே தொடர்வார். அவரைக் காலி பண்ண வைக்க முடியாது. இந்தக் கடைசி விதியைத்தான் அம்மா ராத்திரி பகலாக நினைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாயிரத்தையும் தன் டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டாள்.

பயிற்சி நிலையத்து ஆசிரியர் ரொம்ப நல்ல மனிதர் என்பது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. பார்க்கும்போதெல்லாம் கைகூப்பி, "கெடு ஆனாலும் அவசரமே இல்லக்கா. பணம் தோதுப்படலேன்னா இன்னொரு மூணு வருசம் இருந்துக்கிறேன்" என்பார். அம்மாவுக்கு அது மிரட்டல் மாதிரிக் கேட்கும்.

அப்பாவுக்குப் போடிமெட்டுக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம் இருந்தது. ஊருக்குள் ஏலக்காயைத் தரம் பிரித்துக் கொடுக்கும் ஒரு கொட்டகையும் நடத்தினார். தோட்டத்துக்கு ஜீப்பில்தான் போவார். அந்த ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எட்டுப் பேர் உட்காரும் வண்டியில் பதினெட்டுப் பேர் போவார்கள், அது போகக் கோழிகள். அப்பா மரியாதைக்குரிய ஆள் என்பதால் முன்னால், டிரைவரை ஒட்டினாற்போல் இடம் கிடைக்கும். கியர் கம்பி அவருடைய இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் வரும்.

ஒரு நாள் மலையிலிருந்து இறங்கி வந்து, வாசலிலேயே வேட்டியை லேசாகத் தூக்கி எங்களுக்கு முழங்காலைக் காட்டினார். கன்றிப் போயிருந்தது.

"எல்லா வளைவுலயும் மூணாவது கியர்னு நெனச்சு என் முட்டியத்தான் பிடிச்சு இழுத்தான். நானும் ரெண்டு வளைவு சும்மா இருந்தேன். அப்பறம், தம்பி இது என் காலுன்னேன். 'அதான் விழ மாட்டேங்குதா'ங்கிறான்."

அன்றைக்கு முடிவு செய்தார், இனிமேல் சொந்தக் காரில்தான் மெட்டுக்குப் போவதென்று.

நான் அப்போதுதான் மதுரையில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு, வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தேன். என்னிடம் ஒரு கால்குலேட்டர் இருந்தது. அதனால், பஜாரில் ஒரு பைனான்ஸ் ஆபீசுக்குப் போகும்போது அப்பா என்னையும் கூட்டிப்போனார். "ஆத்தா, அந்த மிசின எடுத்துக்க. நம்மளும் ஆளு வச்சிருக்கோம்னு தெரியட்டும்."

ஆபீஸ் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. மேனேஜர் தேனிப் பக்கத்து ஆள், முப்பது வயசிருக்கும். பேசும்போது நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கணக்கு எழுதிக் காட்டுவார். அவர் மேஜையில் அந்த மாதத்தில் இன்னும் வராத தேதிகள்கூடக் கிழிக்கப்பட்டிருந்தன.

கார், இரண்டு வருஷம் ஓடிய வெள்ளை அம்பாசடர். விலை அறுபதாயிரம். மேனேஜர் விளக்கினார்: விலையில் ஒரு பகுதியை முதலிலேயே கையிலிருந்து கட்ட வேண்டும். மீதியைக் கம்பெனி போடும். அந்த மீதிக்கு, வருஷத்துக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி. மூன்று வருஷ வட்டியையும் அசலோடு சேர்த்து முப்பத்தாறாக வகுத்தால் மாதத் தவணை.

"குறைஞ்சது பதினஞ்சாயிரம் கையிலேருந்து போடணும்ண்ணே. அப்பக் கடன் நாப்பத்தஞ்சு. வட்டி பதினாறாயிரத்து இருநூறு. மொத்தம் அறுபத்தோராயிரத்து இருநூறு. மாசம் ஆயிரத்தெழுநூறு."

நான் அடித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. அப்பா யோசித்தார். ஆயிரத்தெழுநூறு அவரால் கட்ட முடிகிற உச்சம். கொட்டகை வருமானத்தில் மாதாமாதம் அதற்கு மேல் ஒரு ரூபாய் ஒதுங்காது.

"கையிலேருந்து கூடப் போட்டா மாசம் கொறையுமா, மாப்ளே?"

"கொறையும்ண்ணே."

"இன்னும் கூடப் போட்டா?"

"இன்னும் கொறையும்."

அப்பாவின் முகம் மலர்ந்தது. "ஏத்திக்கிட்டே போனா?"

"அறுபதாயிரமும் கட்டிட்டா மாசமே கிடையாதுண்ணே," என்று மேனேஜர் சிரித்தார். நகைச்சுவை என்று நினைத்துத்தான் சொன்னார்.

அப்பா சிரிக்கவில்லை. ஏலத்தில் நல்ல காயைக் கையில் எடுத்துப் பார்ப்பாரே, அந்தப் பார்வையோடு தலையை ஆட்டினார். "வண்டி யார் பேர்ல இருக்கும்?"

"உங்க பேர்லதான். ஆனா ஆர்.சி. புத்தகத்துல எங்க கம்பெனி பேரும் ஏறியிருக்கும். கடைசித் தவணை வரைக்கும் வண்டி எங்களோடதுதான்னு அர்த்தம். வித்துறக் கூடாது."

"அதெப்படி விப்பேன். எங்க மாடில இருக்கவரு மாடிய வித்தா நான் விடுவனா?" என்றார் அப்பா.

மேனேஜர் என்னைப் பார்த்தார். அப்பா எதையும் வீட்டோடு ஒப்பிட்டுப் பேசுகிற ஆள்தானே என்று நினைத்து, நான் கால்குலேட்டரை உறையில் போட்டேன். அங்கேயே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், தோன்றவில்லை.

வழியெல்லாம் அப்பா மனக்கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். தன்னிடம் ஏலக்காய் விற்ற பணம் பதினைந்தாயிரம் இருக்கிறது. பெட்டியில் ஒன்பதாயிரம் தூங்குகிறது. சேர்த்தால் இருபத்து நாலு. எனக்குக் கணக்கு வந்தது: கடன் முப்பத்தாறாயிரம், வட்டி பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது, மாதம் ஆயிரத்து முந்நூற்று அறுபது. சொன்னேன். அப்பா நடுத்தெருவில் நின்று என் தலையைத் தடவிவிட்டு நடந்தார்.

அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைத்தார் என்று அப்போது எனக்குத் தெரியாது. மூன்று நாள் பேசினார்கள், மாடிச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான்காம் நாள் அம்மா சாவியைக் கழற்றினாள். ஆனால் பணத்தை அப்பா கையில் தரவில்லை. சாம்பிள் ஏலக்காய் போடும் பை ஒன்றில் போட்டு, முந்தானைக்குள் வைத்து, தானே வருகிறேன் என்றாள்.

மேனேஜர் எழுந்து நின்று அம்மாவுக்கு நாற்காலி போட்டார். "வாங்க மதினி." கலர் சோடா வாங்கிவர ஆளை அனுப்பினார். அப்பா தன் பதினைந்தாயிரத்தை மேஜையில் வைத்தார். அம்மா பையை மடியிலேயே வைத்திருந்தாள். மேனேஜர் ஒப்பந்தத் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். அப்பாவுக்குச் சில சந்தேகங்கள் இருந்தன. ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"பெயிண்டு அடிக்கிறது யாரு, நீங்களா நானா?"

"நீங்கதாண்ணே."

"வீட்டுக்கு வெள்ளையடிக்கிறது வீட்டுக்காரன்ல? சரி, போகட்டும். உள்ளுக்கு ஒரு ஆணி அடிச்சுச் சாமி படம் மாட்டிக்கிறலாமா?"

"தாராளமா. நாலு ஆணி அடிங்க."

"நல்ல மனுசன்யா," என்று அப்பா அம்மாவைப் பார்த்துச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, மரியாதையாக, "மூணு வருசம் முடிஞ்சதும் வண்டியக் கழுவித் தொடைச்சு, எப்பிடிக் குடுத்தீங்களோ அப்பிடியே கொண்டாந்து விட்டுர்றேன். வாசல்ல விடவா, பின்னால விடவா?"

மேனேஜர் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டார். "ஏண்ணே கொண்டாறீங்க?"

"பெறகு? கெடு முடிஞ்சா காலி பண்ண வேணாமா?"

"எதக் காலி பண்றீங்க?"

"வண்டியத்தான். அன்னிக்கே நீங்களும் இந்த இருவத்து நாலாயிரத்தத் தயாரா வச்சிருங்க. அலைய விடாதீங்க, நான் மாடிக்காரனுக்குக் குடுக்கணும்."

எனக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கியது. தொகை ஏறினால் மாதப் பணம் இறங்குகிறது. கடைசி வரை பொருள் அடுத்தவருடையது. கெடு மூன்று வருஷம். அப்பா வாழ்க்கையில் இப்படி ஒரே ஒரு ஏற்பாட்டைத்தான் பார்த்திருக்கிறார். அவர் காரை ஒத்திக்கு எடுக்க வந்திருந்தார்.

மேனேஜர் மெதுவாக, பயந்த குழந்தையிடம் பேசுவதுபோலச் சொன்னார். "அண்ணே. அந்தப் பணம் திரும்பி வராது. அது வண்டி வெலையில ஒரு பகுதி. தவணையெல்லாம் கட்டி முடிச்சா வண்டி உங்களுக்கே."

"எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

"வண்டியேவா?"

"வண்டியேதான்."

அப்பாவின் முகத்தில் சந்தோஷமும் திகிலும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, ஜீப்பில் இடம்பிடிப்பது போல ஏறின. ஒரு பக்கம் கார் தனக்கே என்பது. இன்னொரு பக்கம் அம்மா.

அம்மா பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "முழுசாத் திரும்பி வரும்னீங்க."

"வரும்னுதான் நெனச்சேன்."

"பெட்டில இருந்தாலும் ஒண்ணு, அங்க இருந்தாலும் ஒண்ணுன்னீங்க."

"ஆமா."

"இத இங்க குடுத்துட்டா, கெடு அன்னிக்கு மாடிக்காரருக்கு எதக் குடுக்க? ஸ்டீரிங்கையா?" அவள் எழுந்தாள். "இன்னொரு மூணு வருசம் இருந்துக்கிறேம்பாரு. அப்பறம் இன்னொரு மூணு. என்னையப் பாடையில தூக்குறப்பக்கூட மேல டிங்குன்னு அடிப்பாங்ய."

மேனேஜருக்குத் திடீரென்று அம்மாமேல் பாசம் பெருகியது. "மதினி சொல்றதுதாண்ணே சரி. மதினி பணம் மதினிகிட்டயே இருக்கட்டும். பாங்கில போட்டா வட்டி வரும். நீங்க பதினஞ்சு மட்டும் கட்டுங்க, மாசம் ஆயிரத்தெழுநூறு, முடிஞ்சது." அவருக்கு அதுதான் லாபம். அம்மாவின் ஒன்பதாயிரம் உள்ளே வராவிட்டால், அந்த ஒன்பதாயிரத்துக்கும் மூன்று வருஷ வட்டி அவருக்குக் கிடைக்கும்.

அப்போதுதான் நான் கால்குலேட்டரை எடுத்தேன். மேனேஜரிடம் ஒரு நாட்காட்டித் தாளும் கேட்டு வாங்கினேன். அடுத்த மாதத்தினுடையது.

"அம்மா, உட்காருங்க. பதினஞ்சு கட்டினா மாசம் ஆயிரத்தெழுநூறு. உங்க ஒம்பதையும் சேத்து இருவத்து நாலு கட்டினா ஆயிரத்து முந்நூத்தி அறுபது. வித்தியாசம் மாசம் முந்நூத்தி நாப்பது."

"அது யாரு தருவா?"

"யாரும் தர மாட்டாங்க. அப்பா கட்டாம மிச்சம் பிடிக்கிறது."

"கட்டாம விட்ட காசு எப்படித்தா வரவாகும்?" என்று அப்பா நியாயமாகவே கேட்டார்.

"நீங்க எப்படியும் ஆயிரத்தெழுநூறு எடுத்து வைக்கிறதாத்தான இருந்தீங்க? அத அப்படியே எடுத்து வைங்க. ஆயிரத்து முந்நூத்தி அறுபது இங்க. முந்நூத்தி நாப்பது அம்மாகிட்ட. அம்மா அத மாசாமாசம் பாங்கில கட்டுவாங்க. முப்பத்தாறு மாசத்துல பன்னெண்டாயிரத்து இருநூத்தி நாப்பது. அதுல அம்மாவோட ஒம்பதாயிரம் போக மூவாயிரத்து இருநூத்தி நாப்பது மிச்சம். அந்த மிச்சம், இந்த அண்ணனுக்குக் குடுக்காம விட்ட வட்டி. வட்டி பதினாறாயிரத்து இருநூறுலருந்து பன்னெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதா எறங்குதுல்ல, அதே தொகைதான்."

மேனேஜர் தாளை எட்டிப் பார்த்தார். கணக்கில் தப்பு இல்லாதது அவருக்கு வருத்தமாக இருந்தது. "பாங்கிலயும் வட்டி வருமேம்மா, மதினி அத அப்படியே போட்டு வச்சாலும்," என்றார்.

"வரும்ண்ணே. ஒம்பதாயிரத்துக்கு மூணு வருசத்துல மூவாயிரத்து இருநூத்தி நாப்பது வருமா?"

அவர் கூரையைப் பார்த்தார். "அவ்வளவு வராது."

"உங்களுக்கு மாசாமாசம் அசலைத் திருப்பிக் கட்டிக்கிட்டே வந்தாலும், கடைசி மாசம் வரைக்கும் முதல் நாள் கடனுக்குத்தான வட்டி போடுறீங்க?"

"அது எல்லா எடத்துலயும் அப்படித்தாம்மா," என்றார், கொஞ்சம் பாவமாக. அதற்குள் கலர் வந்துவிட்டது. அதை முதலில் எனக்குக் கொடுத்தார்.

அம்மா எதையும் குடிக்கவில்லை. "எனக்கு ஒண்ணு சொல்லு. ரெண்டு வழியிலயும் வீட்டுலருந்து மாசம் ஆயிரத்தெழுநூறு போகுது."

"ஆமா."

"ஒண்ணுல முழுசும் இவருக்கு. இன்னொண்ணுல எனக்கு முந்நூத்தி நாப்பது."

"ஆமா."

"ஒம்பதாயிரம் எப்பச் சேரும்?"

"இருவத்தேழாவது மாசம். ஒத்திக் கெடுவுக்கு முன்னாலயே."

அம்மா பையை மேஜைமேல் வைத்தாள். வைத்துவிட்டு அதன்மேல் கையையும் வைத்தாள். "கணக்கு என் பேர்ல. மாசம் பொறந்தா முதல்ல என் முந்நூத்தி நாப்பது. பெறகு தவணை. பெறகுதான் பெட்ரோல். சம்மதமா?"

"சம்மதம்," என்றார் அப்பா.

"இவர்கிட்டச் சொல்லுங்க." மேனேஜரைக் காட்டினாள்.

"சம்மதம் மாப்ளே," என்று அப்பா மேனேஜரிடம் சொன்னார். எதற்கென்று தெரியாமலே அவரும் தலையாட்டினார்.

கார் வந்தது. உள்ளே ஆணி அடித்துச் சாமி படம் மாட்டினார் அப்பா. நாலு ஆணிக்கு அனுமதி இருந்ததால் நாலும் அடித்தார்; ஒன்றில் குடை தொங்கியது. முதல் தடவை மெட்டுக்குப் போய்வந்து, முழங்கால்களைக் காட்டினார். இரண்டும் நன்றாக இருந்தன.

எல்லா மாதமும் சுலபமாகப் போகவில்லை. மழை பொய்த்த வருஷம் கொட்டகைக்குக் காய் வரத்தே இல்லை. ஆயிரத்தெழுநூறு எடுத்து வைத்ததும் பெட்ரோலுக்குச் சில்லறைதான் மிஞ்சியது. அப்பா ஒரு நாள் அம்மாவிடம் வந்து, இந்த ஒரு மாதம் மட்டும் முந்நூற்று நாற்பதை விட்டுக்கொடுத்தால் என்ன என்று கேட்டார். அம்மா சுட்டு விரலை மேலே காட்டினாள். மாடியில் அப்போது தட்டச்சு ஹையர் தேர்வுக்கான வேகப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அப்பா அப்படியே திரும்பிப் போய், பழையபடி ஜீப்பில் ஏறி மெட்டுக்குப் போனார். முழங்காலுக்கு ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டார். மற்ற நாட்களில், வாசலில் நின்ற காருக்குள் உட்கார்ந்து பேப்பர் படித்தார். தெருவில் போகிறவர்கள் "எங்கண்ணே கெளம்பிட்டீங்க?" என்று கேட்டால், "ரெண்டாம் பக்கத்துக்கு" என்பார்.

எனக்கு வேலை கிடைத்து மதுரைக்குப் போன பிறகும், மாதம் ஒரு முறை வீட்டுக்கு வந்தால் அம்மா பாஸ் புத்தகத்தை எடுத்து என் மடியில் போடுவாள். நான் கூட்டிப் பார்க்க வேண்டும். இருபத்தேழாவது மாதம், பாங்கு வட்டியைச் சேர்க்காமலே, ஒன்பதாயிரத்து நூற்று எண்பது ஆனது. அன்றைக்கு அம்மா மாடிப்படி வரை போய், மேலே பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

கெடு முடிந்த நாளில் நானும் ஊரில் இருந்தேன். ஆசிரியர் வழக்கம்போலக் கைகூப்பினார். "அவசரமே இல்லக்கா..."

அம்மா, வெற்றிலைத் தட்டில் ஒன்பதாயிரத்தை வைத்து நீட்டினாள். "எண்ணிக்குங்க."

அவருக்கு உண்மையிலேயே வருத்தம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடி பார்த்து வைத்திருந்தார், ஆனால் போக நேரிடும் என்று நினைக்கவில்லை. சாமான் ஏற்ற வண்டிகூடச் சொல்லவில்லை. இரண்டு நாள் பொறுத்து வண்டி பிடிக்கிறேன் என்றார்.

"வண்டி எதுக்கு," என்றாள் அம்மா. "நம்ம காரு இருக்கு."

காருக்கு இன்னும் சில தவணைகள் பாக்கி இருந்தன. ஆனால் அதில் ஒன்பதாயிரம் அந்தத் தட்டச்சு இயந்திரங்களுடைய பணம்தான்; அதனால் அவற்றுக்கும் ஏறிப்போக உரிமை உண்டு என்று அப்பா சொன்னார். டிக்கியில் மூன்று, பின் சீட்டில் மூன்று, என் காலடியில் ஒன்று. மீதிக்கு இன்னொரு நடை. அம்மா முன் சீட்டில் ஏறி, மடியில் ஒரு இயந்திரத்தை வைத்துக்கொண்டாள். அவளை வர வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னோம். போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள்.

பஜார் தெருவில் குழிகள் அதிகம். ஒவ்வொரு குழியிலும் எட்டு இயந்திரங்களும் சேர்ந்து 'டிங்' என்றன. அப்பா மெதுவாகப் போகலாமா என்று கேட்டார்.

"வெரசாப் போங்க," என்றாள் அம்மா.